கழிவு விலையில் கொலுப் பொம்மை: மழைக்காலத்தைத் தாண்டுமா?

விஜயதசமி இரவில் கொலுப் படியில் உள்ள ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, ஆரத்தி எடுத்து, அம்பிகைக்கு நன்றி கூறி, மறுநாள் மற்றவற்றை இறக்கி வைப்பது நம் இல்லங்களின் வழக்கம். அந்த மறுநாளிலேயே கடைகளிலும் பொம்மைகளின் விலை இறங்கத் தொடங்குகிறது. வியாபாரியின் கணக்கு எளிதானது. அடுத்த பத்துப் பதினைந்து நாட்களில் தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டும். விற்காத பொம்மையை வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனால் கூலியும் போகும், வழியில் கையோ காதோ உடையும். ஓராண்டு வைத்துக் காக்கும் பொறுப்பைத் தாம் ஏற்பதைவிட நம்மிடம் தள்ளிவிடுவது அவருக்கு இலாபம். அவர் விட்டுக்கொடுக்கும் தொகை, உண்மையில் அந்தப் பொறுப்புக்காக அவர் நமக்குத் தரும் கூலி.

ஆகவே கழிவு விலையில் பொம்மை வாங்கும்போது, எவ்வளவு குறைத்தார்கள் என்பதைவிட, இந்தப் பொம்மை நம் வீட்டில் ஓராண்டு தாங்குமா என்பதே முதற்கேள்வி. புதுச்சேரியில் இந்தக் கேள்விக்குத் தனிக் கடுமை உண்டு. நவராத்திரி முடிந்த சில நாட்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. நம் ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்வது. போதாததற்குக் கடற்காற்றின் ஈரமும் உப்பும். புதிதாக வாங்கிய பொம்மை, நம் வீட்டுப் பரணில் முதன்முதலாகச் சந்திப்பதே ஆண்டின் மிக ஈரமான காலத்தைத்தான்.

2024-ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அவ்வாண்டு விஜயதசமி அக்டோபர் 12 அன்று வந்தது. சரியாக ஏழு வாரங்களுக்குப் பின், நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல குடியிருப்புகளில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அத்தகைய நாளில் தரையோடு வைக்கப்பட்ட பெட்டிக்குள் இருக்கும் பொம்மையின் கதி, அதன் மேல் பூசிய வண்ணத்தால் அன்று, உள்ளே இருக்கும் பொருளால் தீர்மானிக்கப்படுகிறது.

உள்ளே இருப்பது என்ன?

கடைகளில் நாம் காணும் பொம்மைகள் பெரும்பாலும் நான்கு வகை. சூளையில் வைத்துச் சுட்ட மண் பொம்மை முதலாவது. வெயிலில் மட்டும் காயவைத்த பச்சை மண் பொம்மை இரண்டாவது. காகிதக் கூழால் செய்தது மூன்றாவது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்னும் வெண்சாந்தில் வார்த்தது நான்காவது. நம் வட்டாரத்திலேயே வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும், திருக்கனூர் காகிதக் கூழ்ப் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு. எனவே இரண்டையும் அருகிலேயே பார்த்துப் பழகும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

தண்ணீர் பட்டால் சுடுமண் கரையாது. வண்ணம் கெடலாம், காயவைத்து மீண்டும் தீட்டிக்கொள்ளலாம். பச்சை மண் மீண்டும் சேறாகிவிடும். காகிதக் கூழ் ஊறிப் பருத்து உருவம் இழக்கும். தண்ணீரே படாமல் வெறும் ஈரக்காற்றில் இருந்தாலும் அதில் பூஞ்சை பிடிக்கும். அதில் உள்ள பசைக்காகப் பூச்சிகளும் கரையானும் வரும். வெண்சாந்து கரையாவிட்டாலும் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும். வண்ணம் செதில் செதிலாக உரியும். விரல், வில், வேல் போன்ற மெல்லிய பகுதிகள் முதலில் உடையும்.

இவற்றைப் பிரித்தறியப் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். முகத்துக்குத் தீட்டும் அக்கறையோடு அடிப்பகுதிக்கு யாரும் வண்ணம் தீட்டுவதில்லை. செங்கல் நிறமாக இருந்து, விரல் கணுவால் மெல்லத் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் அது நன்கு சுட்ட மண். தட்டும்போது சத்தம் மங்கலாக வந்தால், சரியாகச் சுடவில்லை, அல்லது எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டு. நகத்தால் கீறினால் மண்நிறப் பொடி உதிர்வது பச்சை மண். வெள்ளைப் பொடி உதிர்வது வெண்சாந்து. உருவத்துக்குப் பொருந்தாத அளவு எடை குறைவாக இருந்தால் காகிதக் கூழ்.

மேலும் ஒன்று. வண்ணத்தின் மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் அழுத்தி எடுத்துப் பார்க்கவும். பிசுபிசுப்பாக ஒட்டினால், கடைசி நேரத்தில் தீட்டிய பூச்சு இன்னும் உலரவில்லை. அதை உடனே துணியில் சுற்றி வைத்தால், அடுத்த ஆண்டு துணியை எடுக்கும்போது மூக்கும் இமையும் துணியோடு வந்துவிடும்.

ஒரு செட்டின் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பொம்மைகள் கொண்ட தசாவதாரச் செட் ஒன்று நவராத்திரிக்கு முன் 2,400 ரூபாய் என்றும், இப்போது 1,400 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பொருள் காகிதக் கூழ். அருகிலேயே சுடுமண் செட் ஒன்று. 2,600-இலிருந்து 2,000-க்கு இறங்கியிருக்கிறது. முதலாவதில் 1,000 ரூபாய் குறைவு, இரண்டாவதில் 600 மட்டுமே. தள்ளுபடியை மட்டும் பார்த்தால் முதலாவதே கைக்கு வரும்.

இனி ஆண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஈரம் ஏறும் பரணில் வைக்கும் காகிதக் கூழ் செட், இரண்டு மழைக்காலங்களில் பூஞ்சை பிடித்துப் படிக்கு ஆகாமல் போனால், ஆண்டுக்கு 700 ரூபாய் ஆகிறது. சுடுமண் செட் கைதவறாமல் பத்தாண்டு நின்றால் ஆண்டுக்கு 200 ரூபாய்தான். அதே காகிதக் கூழ் செட்டை, காற்றோட்டமுள்ள மாடி அறையில் மர அலமாரியில் வைக்க வசதி இருப்பவர் பத்தாண்டு காப்பாற்றினால், அவருக்கு ஆண்டுக்கு 140 ரூபாய்தான். எடையும் குறைவு; வயதான கைகளுக்கு அதுவே ஏற்றது. ஆகவே எந்தப் பொருள் சிறந்தது என்பது கடையில் முடிவாவதில்லை. நம் வீட்டில் அதை வைக்கப்போகும் இடத்தில் முடிவாகிறது.

வாங்கும்முன் செட்டைப் பெட்டியிலிருந்து முழுவதும் வெளியே எடுத்து எண்ணுவது அவசியம். கழிவு விலைக்கு வரும் செட்டுகளில் ஒன்றிரண்டு உருவங்கள் உடைந்தோ, தனியாக விற்கப்பட்டோ இருக்கலாம். “அடுத்த வருஷம் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கடைக்காரர் கூறுவார். ஆனால் அச்சு மாறினால் உயரம் மாறும். தீட்டும் கை மாறினால் நிறம் மாறும். ஒன்பது அவதாரங்களுக்கு நடுவே இரண்டு அங்குலம் உயர்ந்த பரசுராமர் என்றும் தனித்தே நிற்பார். குறைந்த செட்டைத் தவிர்ப்பதே நல்லது. கடைக்குப் புறப்படும்முன் நம் கொலுப் படியின் அகலத்தையும், ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள உயரத்தையும் அங்குலத்தில் குறித்து எடுத்துச் செல்ல வேண்டும். மேற்படியின் முகத்தை மறைக்கும் பொம்மை, இலவசமாகக் கிடைத்தாலும் இடைஞ்சலே.

அலங்காரப் பொருட்களில் காப்பதற்கு உரியவை மிகச் சில. துணித் தோரணம், மரப் பலகை, பித்தளைச் சிறு விளக்கு ஆகியவற்றை வாங்கி வைக்கலாம். பளபளக்கும் ஜிகினாச் சரிகை கடற்காற்றில் மங்கும். தெர்மாகோல் மண்டபங்கள் மஞ்சளித்து உதிரும், இடத்தையும் அடைக்கும். சீரியல் விளக்கைக் கடையிலேயே பத்து நிமிடம் எரியவிட்டுப் பார்த்து வாங்கவும். மின்கலத்தில் எரிவதாயின் மின்கலத்தைக் கழற்றிவிட்டே வைக்கவும். உள்ளேயே விட்டால் அது கசிந்து தொடுப்புகளை அரித்துவிடும்.

பெட்டிக்குள் வைக்கும் முறை

வாங்கி வந்த பொம்மையை உடனே கட்டிவிட வேண்டாம். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் பத்து நாட்கள் விட்டு வையுங்கள். மழை இடைவெளி விட்ட, வெயில் அடிக்கும் நாளில் கட்டத் தொடங்குங்கள். மழைநாளில் கட்டினால் ஈரத்தையும் சேர்த்தே கட்டுகிறோம்.

சுற்றுவதற்குத் துவைத்து உலர்த்திய பழைய வேட்டித் துணியே சிறந்தது. செய்தித்தாளின் மை வெளிர் வண்ணங்களில் ஒட்டும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சையாகும். பூச்சிக்கு வசம்புத் துண்டுகளும், நன்கு உலர்ந்த வேப்பிலையும் சிறு துணி முடிச்சாக வைக்கலாம். பாச்சை உருண்டை வைப்பவர்கள் அது பொம்மையைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலவகைப் பிளாஸ்டிக்கையும் வண்ணப் பூச்சையும் அது இளக்கிவிடும்.

கனமான சுடுமண் அடிப்பெட்டியிலும், காகிதக் கூழ் மேற்பெட்டியிலும் இருக்கட்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி, மரப் பலகையின் மேல் வைக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறும் என்பதை அங்கு வசிப்போர் அறிவர். வெள்ளம் புகும் தெருவில் இருப்பவர்கள் கட்டிலின் கீழ் வைப்பதைத் தவிர்த்து, இடுப்பளவு உயரத்துக்கு மேல் வைக்கட்டும். தை பிறந்து வெயில் வந்ததும் ஒருமுறை திறந்து பார்த்து, காற்றாட வைத்து மூடினால், பூஞ்சையைத் தொடக்கத்திலேயே துடைத்துவிடலாம்.

இவ்வாண்டு புதியது ஒன்று வருமானால், பழையதில் ஒன்று இடம் விட வேண்டியிருக்கும். பின்னப்பட்ட பச்சை மண் பொம்மையை வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். அதற்குமுன் வண்ணப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெண்சாந்துப் பொம்மை கரையாது. ஆற்றிலோ கடலிலோ குளத்திலோ இடக் கூடாது. பழுதில்லாமல், நமக்கு மட்டும் மிகுதியாக இருப்பதைப் புதிதாகக் கொலு வைக்கத் தொடங்கும் இளம் குடும்பத்துக்குத் தாம்பூலத்தோடு கொடுத்துவிடலாம்.

கடைசியாக, ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உட்புறமும் ஒரு தாள் ஒட்டுங்கள். உள்ளே இருப்பவை எவை, எத்தனை, எந்தப் பொருளால் ஆனவை, எந்த ஆண்டு வாங்கியவை, எந்தப் படியில் வைப்பது என்று தெளிவாக எழுதுங்கள். நம் வயதில் பரணில் ஏறுவது நாமாக இருக்கப்போவதில்லை. மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, எது கனம், எது மெலிது, எதை முதலில் எடுப்பது என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.