பில் எகிறினால் வரும் கடிதம்

கார் மோதி, வொர்க்‌ஷாப்பில் விட்டு, கைக்காசைப் போட்டு பில் கட்டி, க்ளெய்ம் பேப்பரெல்லாம் கொடுத்துவிட்டுப் பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வருகிறது. "கீழ்க்கண்ட இனங்கள் குறித்துத் தங்கள் விளக்கத்தைக் கோருகிறோம்." படித்ததும் சுருக்கென்று இருக்கும். நம்மைத் திருடன் என்கிறார்களோ என்று திரும்பத் திரும்பப் படித்தாலும், நன்றாக எழுதப்பட்ட கடிதமாக இருந்தால், அப்படியொரு சொல் எங்கேயும் கிடைக்காது. வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்பது அதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு: பழி சொல்லும் கடிதத்துக்கு உபயோகமான பதில் வராது.

இந்தக் கடிதம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க, க்ளெய்ம் போகும் வழியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி வொர்க்‌ஷாப்புக்குப் போனதும் அவர்கள் ஒரு எஸ்டிமேட் போடுகிறார்கள். கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து வண்டியைப் பார்த்து, போட்டோ எடுத்து, எந்தப் பாகத்தை மாற்றலாம், எதை டிங்கரிங் செய்தால் போதும், பெயிண்ட் எத்தனை பாகத்துக்கு என்று குறித்து ஒரு தொகையை ஒப்புக்கொள்கிறார். வேலை முடிந்ததும் பில் வருகிறது. எஸ்டிமேட்டும் பில்லும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போவது அபூர்வம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் சேதம் எப்போதும் உண்டு. அதற்காகவே சப்ளிமெண்டரி எஸ்டிமேட் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. புதிய சேதம் தெரிந்ததும் வொர்க்‌ஷாப் சர்வேயருக்குச் சொல்ல வேண்டும், அவர் மறுபடி வந்து பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு பில் மட்டும் எகிறி நிற்கும்போதுதான் க்ளெய்ம் அதிகாரி கடிதம் எழுத உட்காருகிறார்.

ஒரு உதாரணக் கேஸை எடுத்துக்கொள்வோம். மூன்றரை வயதான சின்ன கார். முன்னால் போன லாரியின் பின்பக்கத்தில் இடித்து, முன்பக்க இடது மூலை நசுங்கிவிட்டது. சர்வேயர் ஒப்புக்கொண்டது 58,000 ரூபாய். முன் பம்பர், இடது ஹெட்லைட், இடது ஃபெண்டர் மூன்றும் மாற்றலாம். பானட்டை டிங்கரிங் செய்ய 3,500 ரூபாய். மீதி பெயிண்டும் கூலியும். வந்த பில் 1,03,400 ரூபாய். 45,400 ரூபாய் கூடுதல்.

அனுபவம் இல்லாதவர் இந்த 45,400-ஐத்தான் கடிதத்தில் எழுதுவார்: "பில் தொகை மதிப்பீட்டைவிட மிக அதிகமாக உள்ளது, காரணம் கூறவும்." இதற்கு என்ன பதில் எழுத முடியும்? "வொர்க்‌ஷாப் கேட்டது, கட்டினேன்" என்பதுதான். மொத்தத் தொகையைப் பார்த்துக் கேள்வி கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும். ஆகவே முதல் வேலை, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகக் கழிப்பது. கழித்தால் நான்கு இனங்கள் மிஞ்சுகின்றன. ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்ஸரும் சேர்ந்து 21,500. டிங்கரிங் செய்யச் சொன்ன பானட்டுக்குப் பதில் 14,000 ரூபாய்க்குப் புதுப் பானட், அதாவது 10,500 கூடுதல். வலது ஹெட்லைட் 9,800. எஞ்சின் ஆயில், ஃபில்டர், வீல் அலைன்மென்ட் 3,600. கூட்டினால் சரியாக 45,400.

இப்படிப் பிரித்ததுமே சந்தேகத்தின் உருவம் மாறிவிடுகிறது. பம்பருக்குப் பின்னால் முதலில் இருப்பது கண்டென்ஸர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். மூலையில் இடிபட்ட வண்டியில் அவை அடிவாங்கியிருப்பது இயல்பு. எஞ்சின் ஆயில் விபத்தோடு சம்பந்தமில்லாதது; ஆனால் சர்வீஸ் நாள் நெருங்கியிருந்தால் "அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்" என்று எவரும் சொல்வார்கள், வொர்க்‌ஷாப்பும் ஒரே பில்லில் போட்டுவிடும். உறுத்துவது வலது ஹெட்லைட்தான். இடி இடதுபக்கம்.

இனி கடிதம். ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தங்கள் வாகனத்தின் பழுதுபார்ப்பு பில் (எண் 417, மார்ச் 22) கிடைத்தது. மார்ச் 6 அன்று சர்வேயர் ஒப்புக்கொண்ட எஸ்டிமேட் ரூ.58,000, பில் தொகை ரூ.1,03,400. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கீழ்க்காணும் நான்கு இனங்களில் வருகிறது. இவை ஒவ்வொன்றும் எப்போது, என்ன காரணத்துக்காகச் செய்யப்பட்டன, அதைத் தங்களிடம் யார், எப்படித் தெரிவித்தார்கள் என்பதைத் தங்களுக்குத் தெரிந்த அளவில் எழுத வேண்டுகிறோம். போட்டோ, வாட்ஸ்அப் செய்தி, ஜாப் கார்டு இருந்தால் நகல் அனுப்பவும். கழற்றிய பழைய பாகங்கள் வொர்க்‌ஷாப்பில் இருந்தால், எங்கள் சர்வேயர் பார்க்கும்வரை வைத்திருக்கச் சொல்லவும். மற்ற இனங்களின் பரிசீலனை இதனால் நிற்காது. 15 நாட்களுக்குள் பதில் அனுப்பவும். கூடுதல் அவகாசம் தேவையென்றால் கீழுள்ள எண்ணில் தெரிவிக்கவும்."

இதில் கனமான சொற்கள் "தங்களுக்குத் தெரிந்த அளவில்". பில்லை எழுதியது வொர்க்‌ஷாப். பார்த்து ஒப்புக்கொண்டது சர்வேயர். வண்டிக்காரர் இரண்டு இடத்திலும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார், பணம் கட்டினார், அவ்வளவுதான். ஆனால் பாலிசி அவர் பெயரில் இருப்பதால் கடிதம் அவருக்குத்தான் போயாக வேண்டும். கண்டென்ஸர் ஏன் உடைந்தது என்று அவரைக் கேட்டால் வொர்க்‌ஷாப்புக்கு போன் போட்டு அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புவார். யார், எப்போது, எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால், அது அவர் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம். கேள்வி ஆளுக்குத் தக்கதாக இருக்கிறது.

வலது ஹெட்லைட்டைப் பற்றிக் கடிதம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். மற்ற மூன்றோடு சேர்த்து ஒரு வரி, அதே தொனி. "மோதல் இடதுபக்கம் இருக்க, வலது ஹெட்லைட் எப்படி சேதமானது?" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் என்ன ஆகும்? கள்ளமுள்ளவருக்கு எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாயிற்று: "வலதுபக்கமும் லேசாகப் பட்டது" என்று ஒரு வரி வந்து சேரும். கள்ளமில்லாதவரோ பயந்துபோய் ஏதாவது ஒரு காரணத்தைக் கற்பித்துச் சொல்லிவிடுவார். இரண்டிலும் கம்பெனி தான் எழுதிக் கொடுத்த பதிலையே திரும்பப் பெறுகிறது. நடுநிலை என்பது இங்கே மரியாதையைவிட அளவுகோலுக்கு அருகில் இருக்கிற பொருள். அளப்பவரின் கை அதில் படக்கூடாது.

ஆனால் இதற்காக எதையும் சொல்லாமல் மறைப்பதும் கூடாது. எந்தத் தொகையை எந்தத் தொகையோடு ஒப்பிடுகிறோம், எந்த நான்கு இனங்கள் என்பதைச் சொல்லாவிட்டால் பதில் எழுதுபவர் இருட்டில் கை விட்டுத் துழாவ வேண்டியதுதான். எது கேள்வி என்பதை முழுக்கச் சொல்ல வேண்டும். எது நம் ஊகம் என்பதைச் சொல்லக்கூடாது. இந்த எல்லையில் நிற்பதுதான் இந்த எழுத்தில் கஷ்டமான பகுதி.

பழைய பாகங்களைப் பற்றிய வரியால்தான் கடிதம் சீக்கிரம் போக வேண்டியிருக்கிறது. நசுங்கிய பானட்டும் கண்டென்ஸரும் பழைய இரும்புக்காரர் வரும்வரைதான் வொர்க்‌ஷாப் மூலையில் கிடக்கும். ஒரு மாதம் கழித்து அழகான கடிதம் எழுதி என்ன பயன்? வெற்று வார்த்தைகள்தான் பதிலாகக் கிடைக்கும்.

நம் உதாரணத்தில் பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "மார்ச் 11 அன்று மெக்கானிக் போன் செய்து, பம்பரைக் கழற்றியதில் ரேடியேட்டர் ஒழுகுவது தெரிந்ததாகச் சொல்லி போட்டோ அனுப்பினார். உங்களுக்கும் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பானட்டை டிங்கரிங் செய்தால் ஓரம் சரியாகப் பொருந்தாது என்றார், சரி என்றேன். ஒரு ஹெட்லைட் மட்டும் புதிதாக இருந்தால் மற்றது மங்கித் தெரியும், ஜோடியாகப் போடலாம் என்றார். அதற்கும் சரி என்றேன். சர்வீஸ் நானே கேட்டதுதான்." கூடவே தேதியோடு வாட்ஸ்அப் படம். பொய் ஒன்றும் இல்லை. வலது ஹெட்லைட் விபத்தில் உடையவில்லை என்பதை அவரே வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். குற்றம்போலக் கேட்டிருந்தால் இந்த வரி வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இனி கணக்கு. ரேடியேட்டர், கண்டென்ஸர் பழைய பாகங்கள் கிடைத்தன. நசுங்கல் இடியின் திசையோடு ஒத்துப்போகிறது. வொர்க்‌ஷாப் அவற்றை வாங்கிய பில்லும் விபத்துக்குப் பிந்தைய தேதியில், அதே மாடலுக்கு இருக்கிறது. சாதாரண பாலிசியில் மூன்று முதல் நான்கு வயதுள்ள வண்டியின் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானம் 25 சதவீதம். 21,500-இல் 5,375 போக 16,125 ரூபாய் ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஹெட்லைட்டும் சர்வீஸும் விபத்துச் செலவு அல்ல, இரண்டும் கழிந்தன. பானட்தான் வருத்தமான இடம். பழையது ஏற்கெனவே எடைக்குப் போய்விட்டது. மாற்றியே தீர வேண்டும் என்பதைக் காட்ட ஒரு போட்டோவும் இல்லை. சர்வேயர் ஒப்புக்கொண்ட 3,500 மட்டுமே நிற்கிறது. மெக்கானிக் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். என்றாலும் கழற்றியதும் சர்வேயருக்கு ஒரு போன் போயிருந்தால், தேய்மானம் போக, அந்த 10,500 ரூபாயில் பெரும்பகுதி தப்பியிருக்கலாம்.

வண்டிக்காரர் இந்தக் கழிவை ஏற்காமல் போகலாம். சர்வேயர் சொன்னதே முடிந்த முடிவு என்று கம்பெனியும் உட்கார்ந்துவிட முடியாது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கம்பெனி ஒரு லாரி க்ளெய்மில் செய்த மேல்முறையீட்டில், சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல, மற்ற ஆதாரங்கள் இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது. பில்களும் ரசீதுகளும் பேசக்கூடியவை. விவகாரம் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ போனால், முதலில் மேஜைக்கு வரும் தாள்களில் இந்தக் கடிதமும் ஒன்று. அதில் "போலி பில்" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால், மோசடி என்று சொன்னவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 9,800 ரூபாய் ஹெட்லைட்டுக்காக அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வானேன்?

எல்லாக் கேஸிலும் இந்தக் கடிதம் வேலை செய்யாது. ஒரே வொர்க்‌ஷாப்பிலிருந்து வரும் வெவ்வேறு வாடிக்கையாளர்களின் பதில்கள் ஒரே வாக்கியங்களில் இருந்தால், எழுதிக் கொடுத்தவர் ஒருவரே என்று பொருள். உடைந்த பாகத்தின் போட்டோ வேறொரு க்ளெய்மிலும் இருந்தால், இனி வண்டிக்காரரிடம் விளக்கம் கேட்பதில் அர்த்தமில்லை. கேட்டால் ஆதாரத்தை அழிக்க நேரம் கொடுத்ததாகிவிடும். அப்போது ஃபைல் சத்தமில்லாமல் இன்வெஸ்டிகேட்டர் மேஜைக்குப் போகிறது. அங்கிருந்து வாடிக்கையாளருக்குக் கடிதம் எதுவும் போவதில்லை. ஆளே நேரில் போகிறார்.