புடவைப் பைக்குள் தையல்காரரின் அட்டை

புடவை வாங்கியவர் அடுத்துத் தேடுவது பிளவுஸ் தைக்க ஆளைத்தான். அதனால் ஜவுளிக்கடையும் தையல்கடையும் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவருக்கு அனுப்பினால், விளம்பரச் செலவில்லாமல் இருவருக்கும் வியாபாரம் கூடும். சோப்புக்கடையோடு சேர்ந்து பயனில்லை. ஒரு பொருளை வாங்கியதுமே அடுத்ததன் தேவை பிறக்க வேண்டும்.

பில் போடும்போது ஜவுளிக்கடை மஞ்சள் அட்டை ஒன்றைத் தருகிறது: பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் புடவைக்கு ஃபால் இலவசம், ஒரு மாதத்துக்குள். தையல்கடை தருவது பச்சை அட்டை. அதற்குப் புடவை விலையில் சிறு தள்ளுபடி. திரும்பி வரும் அட்டைகளை இருவரும் டப்பாவில் போட்டு, மாதக் கடைசியில் எண்ணுகிறார்கள். 200 மஞ்சள் அட்டை கொடுத்து 16 வந்தது, ஃபாலுக்குத் தலா 80 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். 1,280 ரூபாயில் 16 பேர். அவர்களில் எத்தனை பேர் அட்டையில்லாமல் மறுபடி வருகிறார்கள் என்பதே உண்மையான கணக்கு.

இரண்டு அட்டைதான் திரும்பியது என்றால் தள்ளுபடியைக் கூட்ட அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் பில் போடுபவர் அட்டையை எடுத்தே கொடுத்திருக்க மாட்டார்.

பெரிய ஆபத்து தீபாவளி நேரத்தில். தையல்காரர் சொன்ன நாளில் தராவிட்டால், அனுப்பிய ஜவுளிக்கடைக்குத்தான் திட்டு விழும். கைநிறைய வேலை சேர்ந்ததும் தையல்காரரே சொல்லி அட்டையை நிறுத்திவைப்பது நல்லது. வாடிக்கையாளர்களின் போன் நம்பர்களை மட்டும் அவர்களைக் கேட்காமல் மாற்றிக்கொள்ளவே கூடாது.