50 வரை கடகடனு சொல்லும் குழந்தை.. '5 எடுத்துக் கொடு'ன்னா திணறுவது ஏன்? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

யூகேஜி படிக்கும் குழந்தை 50 வரை மூச்சுவிடாமல் சொல்கிறது. சரி, ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை முன்னால் வைத்து, "இதுல அஞ்சு எடுத்துக் கொடு கண்ணா" என்று கேட்டுப் பாருங்கள். சில குழந்தைகள் கையில் வந்ததை அப்படியே அள்ளிக் கொடுத்துவிடும்.

காரணம், எண்களைச் சொல்வது வேறு, எண் புரிவது வேறு. வரிசையாகச் சொல்வது பாட்டு பாடுவது மாதிரிதான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்பது தனியாகப் புரிய வேண்டும்.

இதே சோதனையை அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் குழந்தைகளிடம் நடத்தி, 1990-ல் முடிவுகளை வெளியிட்டார். குழந்தைக்கு முதலில் 'ஒன்று' மட்டும் புரியும். சில மாதம் கழித்து 'இரண்டு', அப்புறம் 'மூன்று'. அதற்குப் பிறகுதான், எண்ணினால் எந்த எண்ணிக்கையையும் கண்டுபிடிக்கலாம் என்பது பிடிபடும். அதனால் 3 வயதில் திணறினால் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றாம் வகுப்பிலும் அப்படியே இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறு கொட்டைகளை எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். 'ஆறு' என்று சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசி எண்ணின் அர்த்தம் இன்னும் பதியவில்லை.

இரண்டாம் வகுப்பில் இதே பலவீனம் வேறு மாதிரி தெரியும். 8-உடன் 3-ஐக் கூட்டச் சொன்னால், எட்டையும் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டுத்தான் மூன்றுக்கு வரும். இல்லையென்றால் "எட்டு, ஒன்பது, பத்து" என்று எட்டையும் சேர்த்து எண்ணி, விடை 10 என்று சொல்லும். நோட்டில் விடைகள் அடிக்கடி ஒன்று குறைவாகவே வந்தால், அது கவனக்குறைவு இல்லை, இந்தச் சிக்கலாக இருக்கலாம். (விரல்விட்டு எண்ணுவது தப்பே இல்லை, அதற்காகத் திட்டாதீர்கள்!)

என்ன செய்யலாம்?

மூடி போட்ட டப்பா ஒன்று போதும். எட்டு கொட்டைகளை எண்ணி உள்ளே போட்டு மூடிவிடுங்கள். "உள்ள எட்டு இருக்கு. இப்ப ஒண்ணு போடுறேன், எத்தனை?" என்று கேட்டபடி ஒவ்வொன்றாக மூன்று போடுங்கள். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாததால், குழந்தை எட்டை மனதில் வைத்துக்கொண்டு 'ஒன்பது, பத்து, பதினொன்று' என்று மேலே போயே ஆக வேண்டும். இதுதான் கூட்டலுக்கான அடிப்படை. எட்டு கஷ்டமாக இருந்தால் மூன்றிலிருந்து தொடங்கலாம்.

யூகேஜி குழந்தையாக இருந்தால், எண்ணி முடித்ததும் "ஆக மொத்தம் ஆறு" என்று நீங்களே சொல்லிக் காட்டுங்கள். பகடை உருட்டும் விளையாட்டும் நல்லது. மூன்று புள்ளிகளை எண்ணாமல், பார்த்ததுமே 'மூணு' என்று சொல்லப் பழகும்.

சில மாதங்கள் விளையாடியும் மாற்றம் இல்லை என்றால் முதலில் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் குழந்தை கணக்கில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பார்வை, காது கேட்கும் திறனையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். 'டிஸ்கால்குலியா' எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடா என்பதை உளவியல் நிபுணர்தான் சொல்ல முடியும்.