பம்பில் 3.6 எங்கிருந்து வந்தது?

ஐசியுவில் ஒரு நோயாளி. 62 வயது, எடை 48 கிலோ. சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய கிருமித்தொற்று இரத்தத்தில் பரவி, பிபி 80/45க்கு இறங்கிவிட்டது. மேல் எண்ணோடு கீழ் எண்ணை இரு மடங்காகக் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி இரத்த அழுத்தம் கிடைக்கும். இவருக்கு அது சுமார் 57. குறைந்தது 65 இருந்தால்தான் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போதிய இரத்தம் போகும். சலைன் ஏற்றியும் பிபி ஏறவில்லை. டியூட்டி டாக்டர் எழுதுகிறார்: நார்அட்ரினலின், ஒரு நிமிடத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு, 0.1 மைக்ரோகிராம்.

சற்று நேரத்தில் சிரிஞ்சு பம்பின் திரையில் 3.6 mL/h என்று தெரிகிறது. டாக்டர் சொன்னது மைக்ரோகிராமில். பம்ப் தள்ளுவதோ மில்லிலிட்டரில். 0.1 எப்படி 3.6 ஆனது என்பதைத்தான் நர்சிங், மயக்கவியல் மாணவர்கள் கைப்பிடியாகக் கற்க வேண்டும். ஐசியு வாசலில் காத்திருக்கும் உறவினர்களும் இதைப் புரிந்துகொள்ள முடியும். பெருக்கலும் வகுத்தலும் தவிர இதில் வேறு கணிதம் இல்லை.

இந்த மருந்தை ஏன் நிமிடக் கணக்கில் எழுதுகிறார்கள்? நார்அட்ரினலின் உடலுக்குள் நீடிப்பதில்லை. ஏறக்குறைய இரண்டு மூன்று நிமிடத்தில் இரத்தத்திலுள்ள அளவு பாதியாகிவிடும். மாத்திரைபோல ஒருமுறை கொடுத்துவிட்டு ஆறு மணி நேரம் காத்திருக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் வேலை செய்யும். நின்றால் சில நிமிடங்களில் பிபி சரியும். ஆகவே இங்கே டோஸ் என்பது எவ்வளவு கொடுத்தோம் என்பதல்ல, எந்த வேகத்தில் கொடுக்கிறோம் என்பது. அந்த வேகமும் ஆளின் உடலளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பதால் கிலோவும் சேர்கிறது.

இனி கணக்கு. முதலில் கிலோவை அகற்றுவோம். 0.1ஐ 48ஆல் பெருக்கினால் 4.8. இந்த நோயாளிக்கு நிமிடத்துக்கு 4.8 மைக்ரோகிராம் தேவை. அடுத்து நிமிடத்தை மணியாக்குவோம். 4.8ஐ 60ஆல் பெருக்கினால் 288. அதாவது ஒரு மணி நேரத்தில் 288 மைக்ரோகிராம் உள்ளே போக வேண்டும். இதுவரை சிரிஞ்சைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். இது முழுக்க நோயாளியின் தேவை.

சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்பது தனிக் கணக்கு. இந்த வார்டின் வழக்கப்படி 4 மில்லிகிராம் நார்அட்ரினலினை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து மொத்தம் 50 மில்லி ஆக்குகிறார்கள் என்று கொள்வோம். ஒரு மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம் என்பதால் 4 மில்லிகிராம் 4000 மைக்ரோகிராம். அதை 50ஆல் வகுத்தால், ஒவ்வொரு மில்லியிலும் 80 மைக்ரோகிராம். தேவை 288, ஒரு மில்லியில் இருப்பது 80. 288ஐ 80ஆல் வகுத்தால் 3.6. மணிக்கு 3.6 மில்லி.

ஒரே சூத்திரமாக மனப்பாடம் செய்தாலும் இதே விடைதான் வரும்:

```
mL/h = (mcg/kg/min × kg × 60) ÷ (mcg/mL)
     = (0.1 × 48 × 60) ÷ 80
     = 3.6
```

ஆனாலும் படிப்படியாகப் போகும் வழியையே நான் மாணவர்களுக்குச் சொல்வேன். ஒவ்வொரு படியிலும் வரும் எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. அது நியாயமாகத் தெரிகிறதா என்று அங்கேயே நின்று கேட்கலாம். உதாரணமாக, 60ஆல் பெருக்க மறந்தால் 4.8ஐ 80ஆல் வகுத்து 0.06 என்று வரும். அது நிமிடத்துக்கான மில்லி. மணிக்கான இடத்தில் அதைப் போட்டால் நோயாளிக்கு அறுபதில் ஒரு பங்கு மருந்துதான் போகும். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் இடையில் சறுக்கினால் தவறு ஆயிரம் மடங்கு. இத்தகைய பெரிய தவறுகளை, சாதாரணமாக இந்த மருந்து மணிக்கு எத்தனை மில்லி ஓடும் என்ற அனுபவமே காட்டிக் கொடுத்துவிடும். எனக்குக் கவலை தருவது இரண்டு மடங்கு, பாதி என்று வரும் தவறுகள். அவை பார்வைக்கு இயல்பாகவே இருக்கும்.

அவற்றில் முதலாவது ஆம்பியூலின் மேலேயே இருக்கிறது. நார்அட்ரினலின் ஆம்பியூலில் இருப்பது பைடார்ட்ரேட் என்ற உப்பாக. அந்த உப்பு 2 மில்லிகிராம் இருந்தால் அதனுள் உண்மையான நார்அட்ரினலின், அதாவது பேஸ், 1 மில்லிகிராம்தான். லேபிளில் உப்பின் எடையும் இருக்கலாம், பேஸின் எடையும் இருக்கலாம். உப்பாக 4 மில்லிகிராம் என்று எழுதிய ஒரு ஆம்பியூலை எடுத்து, வேண்டிய 4 மில்லிகிராம் கிடைத்துவிட்டது என்று 50 மில்லியில் கலந்தால், உள்ளே இருப்பது 2 மில்லிகிராம் பேஸ்தான். மில்லிக்கு 80க்குப் பதில் 40. பம்ப் 3.6 என்று காட்டும், கேஸ் ஷீட்டில் 0.1 என்று எழுதுவோம், நோயாளிக்குப் போவது 0.05. இந்தக் குழப்பம் நாடுகளுக்கிடையிலும் இருந்ததால், அமெரிக்க, ஐரோப்பியத் தீவிர சிகிச்சைச் சங்கங்களின் கூட்டுக்குழு 2024இல் டோஸைப் பேஸ் எடையிலேயே குறிப்பிடப் பரிந்துரைத்தது. ஆம்பியூலை உடைக்கும் முன் லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரியை வாசித்தே ஆக வேண்டும்.

மருந்து 4 மில்லி என்றால் டெக்ஸ்ட்ரோஸ் 46 மில்லி எடுக்க வேண்டும். 50 மில்லி எடுத்து அதில் மருந்தைச் சேர்த்தால் மொத்தம் 54 ஆகி, மில்லிக்கு 74 மைக்ரோகிராமாகக் குறையும். இது சிறிய பிழைதான். ஆனால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஒருவர் ஒருவிதமாகக் கலந்தால், சிரிஞ்சு மாற்றும்போதெல்லாம் பிபி காரணமில்லாமல் ஏறி இறங்கும்.

அடுத்தது டபுள் ஸ்ட்ரெங்த். நம் நோயாளிக்கு இரவில் பிபி மறுபடியும் இறங்க, படிப்படியாக ஏற்றியதில் காலையில் பம்ப் 6.3இல் ஓடுகிறது. காலை ஷிஃப்டுக்கு வரும் நர்ஸ் இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 6.3ஐ 80ஆல் பெருக்கினால் மணிக்கு 504 மைக்ரோகிராம். 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 8.4. 48ஆல் வகுத்தால் 0.175. கேஸ் ஷீட்டில் இருக்கும் டோஸும் இதுவும் ஒத்துப்போனால்தான் சிரிஞ்சு, எடை, பம்ப் மூன்றும் ஒரே பேச்சில் இருக்கின்றன என்று பொருள்.

இந்த வேகத்தில் 50 மில்லி சிரிஞ்சு எட்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அடிக்கடி மாற்றுவதைத் தவிர்க்க, 50 மில்லியில் 8 மில்லிகிராம் கலக்கிறார்கள். இப்போது மில்லிக்கு 160. அதே 0.175க்குப் பம்பில் இருக்க வேண்டியது 3.15. மாற்றாமல் 6.3இலேயே விட்டால் டோஸ் 0.35 ஆகி, பிபி விறுவிறுவென ஏறும். சிரிஞ்சு மாற்றிய சில நிமிடங்களில் பிபி இப்படி எகிறினால் முதலில் பார்க்க வேண்டியது சிரிஞ்சின் மேல் ஒட்டிய லேபிளை. உறவினர்களும் ஒன்று அறிந்துகொள்ளலாம். நேற்று 6.3, இன்று 3.15 என்பதால் மருந்தைக் குறைத்துவிட்டார்கள் என்று ஆகாது. டோஸ் எவ்வளவு என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

பம்பில் எண்ணைச் சரியாக மாற்றினாலும் ஒரு சிக்கல் மீதம் இருக்கிறது. அது எந்தச் சூத்திரத்திலும் இல்லை. சிரிஞ்சுக்கும் நோயாளிக்கும் நடுவே மெல்லிய எக்ஸ்டென்ஷன் குழாய் இருக்கிறது. அதன் கொள்ளளவு 1.5 மில்லி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் குழாயை மருந்தால் நிரப்பாமல் இணைத்தால், மணிக்கு 3.6 மில்லி வேகத்தில் முதல் துளி மருந்து நோயாளியை எட்ட 25 நிமிடம் ஆகும். திரையில் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பிபி ஏறாது, டோஸ் போதவில்லை என்று யாரோ கூட்டுவார்கள். பிறகு மருந்து உள்ளே சேரும்போது அது கூட்டிய டோஸாகவே போய்ச் சேரும்.

டபுள் ஸ்ட்ரெங்துக்கு மாறும்போதும் இதே குழாய்தான் தொல்லை. அதில் தங்கியிருப்பது பழைய, மில்லிக்கு 80 உள்ள மருந்து. பம்பை உடனே 3.15க்குக் குறைத்தால், அந்த 1.5 மில்லி தீரும்வரை, கிட்டத்தட்ட அரை மணி நேரம், நோயாளிக்குப் பாதி டோஸ்தான் போகும். அதனால்தான் புதிய சிரிஞ்சோடு புதிய குழாயையும் முழுக்க நிரப்பி, இன்னொரு பம்பில் ஓடவிட்டு, பிபியைப் பார்த்தபடி பழையதை நிறுத்துகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அந்த 1.5 மில்லியில், முதல் சிரிஞ்சின் கணக்குப்படி, 120 மைக்ரோகிராம் நிற்கிறது. நிமிடத்துக்கு 4.8 என்றால் அது 25 நிமிடத்து மருந்து. அதே வழியில் யாராவது ஓர் ஆன்டிபயாட்டிக்கைச் செலுத்தினால், அத்தனையும் சில வினாடிகளில் உள்ளே தள்ளப்படும். பிபி 200ஐத் தாண்டலாம். நார்அட்ரினலின் ஓடும் வழியைத் தனியாக விட்டு, அதன்மேல் பெயர் எழுதி ஒட்டுவது இதற்காகத்தான்.

இப்போது பல மருத்துவமனைகளில் மருந்தின் பெயரையும் எடையையும் செறிவையும் உள்ளிட்டால் தானே கணக்கிடும் பம்புகள் வந்துவிட்டன. mcg/kg/min என்று டோஸை அப்படியே அடிக்கலாம். பெருக்கல் பிழை அதோடு ஒழிந்தது, நல்லதுதான். ஆனால் சிரிஞ்சுக்குள் உண்மையில் என்ன கலந்திருக்கிறது என்பதை அந்தப் பம்பால் பார்க்க முடியாது. உப்பா பேஸா, 50 மில்லியா 54 மில்லியா, 80ஆ 160ஆ என்பதெல்லாம் நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். எடையை 48க்குப் பதில் 84 என்று மாற்றி அடித்தாலும், 84 கிலோவுக்கான கணக்கைப் பிழையில்லாமல் போட்டுக் கொடுக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியை, ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவதாக ஆக்கிவிடாதீர்கள். ஒருவர் டோஸிலிருந்து மில்லிக்குப் போகட்டும். மற்றவர் அந்தத் தாளைப் பார்க்காமல், சிரிஞ்சின் லேபிளையும் பம்பின் எண்ணையும் நோயாளியின் எடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு மில்லியிலிருந்து டோஸுக்குத் திரும்பி வரட்டும். இருவரும் 0.1இல் சந்தித்தால் பம்பை ஓடவிடுங்கள். சந்திக்காவிட்டால், லேபிளிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.