மூன்று வரியில் ஒரு புத்தகம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ‘புதிய வரவுகள்’ என்று ஒரு தாள் தொங்கும். வரிசை எண், நூலின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை. கணக்கு எழுதுகிறவருக்கு அது போதும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதில் ஒன்றுமே இல்லை. விலையைத் தெரிந்துகொண்டு அவன் என்ன செய்வான்?

‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ என்ற ஜப்பானியப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். டெட்சுகோ குரோயனாகி 1981இல் எழுதியது. எப்போது எழுதப்பட்டிருந்தாலும், இன்று வாங்கிய நூலகத்துக்கு அது புது வரவுதான். தலைப்பைப் பார்த்ததுமே ஒன்பதாம் வகுப்புப் பெண் “சின்னப் பிள்ளைங்க புத்தகம்” என்று தள்ளிவிடுவாள். “அனைவரும் படிக்க வேண்டிய சிறந்த கல்வி நூல்” என்று எழுதினால் இன்னும் மோசம். பாடப்புத்தக வாடை அடிக்கும். இப்படி எழுதலாம்:

“மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடியதற்காக, ஜன்னலில் நின்று தெரு வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டதற்காக, முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்டவள். அடுத்த பள்ளியில் வகுப்பறைகளே ரயில் பெட்டிகள். அங்கே தலைமை ஆசிரியர் முதல் நாளே நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்டார். அப்படி என்னதான் பேசினாள்?”

இதில் புகழ்ச்சியாக ஒரு சொல்கூட இல்லை. மேசை மூடி, ரயில் பெட்டி, நான்கு மணி நேரம் என்று கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள்தான். எல்லாமே புத்தகத்தின் தொடக்கப் பக்கங்களில் வருபவை. போரில் அந்தப் பள்ளிக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லவே இல்லை. அது படிக்கிறவருக்குச் சேர வேண்டியது. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கடைசியில் போடுங்கள். ஆவல் வந்த பிறகுதான் பெயர் மனத்தில் தங்கும்.

ஆவலைத் தூண்டுகிறேன் என்று ஏமாற்றிவிடக் கூடாது. ‘சோபியின் உலகம்’ நாவலில் ஒரு பெண்ணுக்கு அஞ்சல் தலை இல்லாத மர்மக் கடிதங்கள் வருகின்றன. அதோடு நிறுத்தினால் துப்பறியும் கதை என்று நினைத்துத்தான் பையன் எடுத்துப் போவான். உள்ளே சாக்ரட்டீசும் பிளேட்டோவும் வந்ததும் மறுநாளே திருப்பித் தந்துவிடுவான். எடுத்த வேகத்தில் புத்தகங்கள் திரும்பி வந்தால், குறிப்பு பொய் சொல்லியிருக்கிறது என்று பொருள். “கடிதம் எழுதுவது யார் என்று தேடினால், தத்துவத்தின் கதை முழுவதும் கூடவே வரும்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எடுப்பவர்கள் குறையலாம், எடுத்தவர்கள் ஏமாற மாட்டார்கள்.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பதை 1931இல் ஒரு விதியாகவே வைத்தார், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்த வாசகரைப் பட்டியல் தேடிப் போகாது.

வாங்குகிற எல்லாப் புத்தகத்தையும் நூலகர் ஒருவரே படித்து எழுத முடியாது. நீங்கள் அண்மையில் படித்த புத்தகம் உங்கள் நூலகத்துக்கு வந்திருந்தால், அதற்கு மூன்று வரி எழுதி அவரிடம் கொடுங்கள்.