போனஸ் தீர்மானத்தை எப்படிப் படிப்பது?

கிராமத்துப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு சங்கத்தில் கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகம் வரிசையாகக் கைமாறும். உறுப்பினர்கள் கையெழுத்துப் போடுவார்கள், கைநாட்டு வைப்பார்கள். "போனஸ் எவ்வளவுங்க?" என்ற ஒரே கேள்வியோடு பலர் எழுந்து போய்விடுவார்கள். அந்தக் கேள்விக்கான பதில் போனஸ் தீர்மானத்தில் மட்டும் இல்லை. அதற்கு முன்பு எழுதியிருக்கும் கொள்முதல் கணக்கில்தான் பாதி இருக்கிறது.

கணக்குப் புரிவதற்காக ஒரு சங்கத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: 'சென்ற மாதம் உறுப்பினர்களிடம் கொள்முதல் செய்த பால் 12,000 லிட்டர். உள்ளூர் விற்பனை 1,500 லிட்டர். ஒன்றியத்துக்கு அனுப்பியது 10,760. அங்கீகரிக்கப்பட்டது.' இருக்கிற பாலே 10,500 லிட்டர்தான். அப்படியானால் 260 லிட்டர் கூடுதலாக அனுப்பியிருக்கிறார்களே என்று தோன்றும். உண்மை அதுவல்ல. சங்கத்தில் பாலை லிட்டரில் அளந்து வாங்கியிருக்கிறார்கள். ஒன்றியத்தின் ட்ரக் ஷீட்டில் எடை கிலோவில் இருக்கிறது. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. 10,760 கிலோவை லிட்டராக்கினால் சுமார் 10,447 வரும். ஆக, கூடுதல் எதுவும் இல்லை, 53 லிட்டர் குறைகிறது. அலகு எழுதாத ஒரு எண், பற்றாக்குறையை உபரி போலக் காட்டிவிட்டது.

கொட்டியது, சிந்தியது, புளித்தது என்று கொஞ்சம் குறைவது இயல்பு. லிட்டரிலேயே கணக்குப் பார்த்தும் மாதாமாதம் பால் கூடிக்கொண்டே போனால்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். பரிசோதனைக்கு எடுக்கும் மாதிரிப் பாலைச் சேர்த்து விற்றதால் கொஞ்சம் கூடலாம். அதற்கு மேல் கூடினால், ஊற்றியவர்களின் அளவில் கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட இடமுண்டு.

இனி போனஸுக்கு வருவோம். தணிக்கை முடிந்து ஆண்டின் நிகர லாபம் 3 லட்சம் ரூபாய் என்று முடிவாகிறது. காப்பு நிதி போன்ற ஒதுக்கீடுகள் போக, 1,50,000 ரூபாயை உறுப்பினர்களுக்குப் பிரிக்கப் பேரவை தீர்மானிக்கிறது. அந்த ஆண்டு பாலுக்காக உறுப்பினர்களுக்குக் கொடுத்த மொத்தத் தொகை 50 லட்சம் என்றால், ரூபாய்க்கு 3 பைசா போனஸ். தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதில்லை. அதிகம் ஊற்றியவருக்கு அதிகம். தினம் 6 லிட்டர் ஊற்றுகிற அக்கா ஒருவர், ஆண்டுக்கு 2,190 லிட்டர், லிட்டர் 35 ரூபாய் வீதம் 76,650 ரூபாய் வாங்கியிருப்பார். அவருக்குப் போனஸ் 2,299 ரூபாய் 50 காசு.

கையில் காசு வரும்போது மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 3 லட்சம் எங்கிருந்து வந்தது? ஒன்றியம் கொடுத்த விலைக்கும் உறுப்பினருக்குக் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம், உள்ளூர் விற்பனை, தீவன விற்பனையில் கிடைக்கும் கழிவு இவைதான் சங்கத்தின் வரவு. அதில் சம்பளம் முதலான செலவு போக மிஞ்சுவதே லாபம். பால் விலை கொழுப்பையும் இதரச் சத்தையும் வைத்துக் கட்டப்படுகிறது. பரிசோதனையில் அளவைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, அந்த அக்காவுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைந்தது என்று வையுங்கள். ஆண்டில் 2,190 ரூபாய் போய்விடும். தீபாவளிக்கு வாங்கும் போனஸும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எல்லோரிடமும் அப்படிக் குறைத்திருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் போனஸாகத் திரும்பும். மீதி ஒதுக்கீடுகளுக்குப் போய்விடும். அதனால், அதிக போனஸ் கொடுக்கும் சங்கமே நல்ல சங்கம் என்ற பேச்சை நான் அப்படியே ஏற்க மாட்டேன். தினமும் சரியான விலை கொடுத்து, குறைந்த போனஸ் தரும் சங்கமே மேல்.

பட்டுவாடாத் தீர்மானத்தில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. எந்தத் தேதி வரை ஊற்றிய பாலுக்குப் பணம் கொடுத்தார்கள், தீவனத்துக்கும் கடனுக்கும் எவ்வளவு பிடித்தார்கள், நிலுவை எவ்வளவு என்ற மூன்றும் எழுதியிருக்க வேண்டும். 'பட்டுவாடா செய்யப்பட்டது' என்று மொட்டையாக எழுதினால் நிலுவை தெரியாமலே போய்விடும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் கையெழுத்துப் போடும் முன், கொள்முதல், விற்பனை, ஒன்றியத்துக்கு அனுப்பியது ஆகிய மூன்றையும் லிட்டரிலேயே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பால் அட்டையில் உள்ள ஆண்டுத் தொகையைக் கூட்டி, போனஸ் விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். தொகை ஒத்துவரவில்லை என்றால் செயலரிடம் அங்கேயே கேளுங்கள். உங்கள் கேள்வியையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.