MAS வேறு, MS வேறு

ரயில் டிக்கெட் எடுத்ததும் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் ஊர்ப்பெயர் இருக்காது. வண்டி எண், தேதி, பெட்டி, படுக்கை எண்ணோடு MS, MDU என்று இரண்டு குறியீடுகள் மட்டும் இருக்கும். எழும்பூரிலிருந்து மதுரைக்கு என்று அதற்குப் பொருள். அந்த MS இருக்கும் இடத்தில் MAS என்று இருந்தால் அது சென்ட்ரல். நடுவில் ஓர் எழுத்துதான் கூடுதல். ஆனால் இரண்டு நிலையங்களுக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரமும், சாயங்கால நேரத்துப் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலும் இருக்கின்றன. வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது தப்பான நிலையத்தின் வாசலில் பெட்டியோடு நிற்பவர்களை அந்த இரண்டு இடங்களிலுமே பார்க்கலாம்.

குறியீட்டை ஊர்ப்பெயரின் சுருக்கம் என்று நினைத்துப் படிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சில ஊர்களுக்கு அது சுருக்கம் மாதிரியே அமைந்திருப்பது உண்மைதான். மதுரைக்கு MDU, ஈரோட்டுக்கு ED, சேலத்துக்கு SA. ஆனால் இவை தந்திக் காலத்துப் பழக்கத்திலிருந்து வந்தவை. ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தட்டெழுத்தில் செய்தி அனுப்பும்போது முழுப்பெயரையும் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், சில எழுத்துக்குள் ஓர் அடையாளம் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அதனால் ‘திரு’வில் தொடங்கும் ஊர்கள் நிறைந்த நம் பக்கத்தில் எழுத்துகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. திருச்சி TPJ, திருப்பூர் TUP, திருப்பதி TPTY, திருப்பத்தூர் TPT. திருவள்ளூர் TRL, கேரளத்துத் திருவல்லா TRVL, திருவாரூர் TVR. இவற்றை ஊகித்து எழுதினால் பாதி தப்பாகத்தான் போகும்.

குறியீடு தோன்றிய காலத்தில் ஊருக்கு என்ன பெயரோ, அதுவே பல இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்னியாகுமரிக்கு CAPE. கேப் காமரின் என்ற பழைய ஆங்கிலப் பெயரின் மிச்சம் அது. தூத்துக்குடிக்கு TN, அதாவது டூட்டிகொரின். மயிலாடுதுறைக்கு MV, மாயவரம் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வதை ரயில்வேயும் மறக்கவில்லை. சென்னை நிலையங்கள் பலவும் M-இல் தொடங்குவது மதராஸால். கடற்கரை MSB, கோட்டை MSF, பார்க் MPK. மாநகரத்தின் பெயர் 1996-இல் மாறியது. சென்ட்ரலுக்கு 2019-இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் பெயர் வைக்கப்பட்டது. MAS மட்டும் அப்படியே இருக்கிறது.

குறியீட்டுக்குப் பக்கத்தில் திரையில் வரும் பெயரும் முழுப்பெயர் இல்லை. `MGR CHENNAI CTL` என்பது சென்ட்ரல். `MAYILADUTURAI J` என்று கடைசியில் ஒற்றை ஜே தொங்குவது ஜங்ஷன் என்பதன் மிச்சம். இரண்டையும் இடைவெளியோடு எண்ணிப் பாருங்கள், சரியாக 15 இடம் வரும். அவ்வளவுக்குள் அடங்குவதற்காக வெட்டியதுதான். மற்றபடி Jn என்றால் இரண்டுக்கு மேற்பட்ட திசைகளில் தடம் பிரியும் சந்திப்பு, Cantt என்றால் பழைய ராணுவக் குடியிருப்பை ஒட்டிய நிலையம். எச்சரிக்கையாகப் படிக்க வேண்டிய சொல் Road. கொடைக்கானல் ரோடு என்ற நிலையம் (KQN) கொடைக்கானலில் இல்லை. அம்மையநாயக்கனூரில், மலையடிவாரத்துக்கும் வெளியே சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து மலையுச்சிக்குச் சுமார் 80 கி.மீ. பஸ்ஸிலோ காரிலோ போக வேண்டும். அந்த ஊருக்குப் போகிற சாலை இங்கே பிரிகிறது என்பது மட்டுமே அந்தப் பெயரின் வாக்குறுதி.

இனி தேடும் விதத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு வண்டி தேடுவதாக வைத்துக்கொள்வோம். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் புறப்படும் இடத்தில் சென்னை என்று தட்டினால் ஒரு பட்டியல் விழும். முதலில் கண்ணில் படுவது சென்ட்ரலாக இருக்கலாம். பெரிய நிலையம் அதுதானே என்று அதைத் தொட்டுவிடுகிறோம். ஆனால் மதுரைக்குப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை எழும்பூர் பக்கம்தான். பாண்டியன் (12637), வைகை (12635) எல்லாம் அங்கிருந்துதான் பேர்பெற்றவை.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் பழைய தண்டவாளம். எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாகத் தெற்கே போன பாதை மீட்டர் கேஜ். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே போனது அகலப் பாதை. ஒன்றின் வண்டி மற்றதில் ஓட முடியாது. தெற்குப் பாதை அகலமான பிறகும் பழைய வழக்கம் மாறவில்லை: தெற்குச் சீமைக்கு எழும்பூர், கோவைக்கும் கேரளத்துக்கும் வடக்கே போகவும் சென்ட்ரல். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் சென்னைத் தேடலில் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் கால்வாசிக்கு ஒரு விதிவிலக்கைப் பார்க்கலாம். சென்ட்ரலிலிருந்து மதுரை வழியாகப் போடிநாயக்கனூர் போகும் ஏ.சி. எக்ஸ்பிரஸ் ஒன்று உண்டு, எண் 20601. இது தினசரி வண்டி இல்லை. போகும் வழியும் வேறு. காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று மேற்கே சுற்றி மதுரைக்கு வருகிறது. தேடலில் MAS, MDU என்று கொடுத்தவருக்கு இது கண்ணில் பட்டு, இடமும் இருந்து, மகிழ்ச்சியாக எடுத்துவிடலாம். அம்பத்தூரிலோ பெரம்பூரிலோ குடியிருப்பவருக்கு அது நல்ல தேர்வுதான். ஆனால் அவர் குரோம்பேட்டைக்காரராக இருந்து, வழக்கம்போலத் தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவார். அந்த வண்டி தாம்பரம் பக்கமே வராது. விழுப்புரத்தில் அக்காவை ஏற்றிக்கொள்ளும் திட்டமும் பலிக்காது.

ஆகவே ஒரே ஊருக்கு இரண்டு தேடல் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். ஒருமுறை MS, ஒருமுறை MAS. தளம் பல நேரம் அக்கம்பக்க நிலையங்களின் வண்டிகளையும் சேர்த்தே காட்டும் என்பதால், மேலே நாம் கொடுத்த நிலையத்தை நம்பாமல், ஒவ்வொரு வண்டியின் கட்டத்துக்குள்ளும் எந்த நிலையம் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். MS என்று தேடியவருக்கு TBM வண்டியும் வரிசையில் வந்து நிற்கும். TBM தாம்பரம், எழும்பூரிலிருந்து சுமார் 25 கி.மீ. சில தெற்கு வண்டிகள் அங்கேதான் கிளம்புகின்றன. எழும்பூரில் சீரமைப்புப் பணிக்காகச் சில வண்டிகளைத் தற்காலிகமாகத் தாம்பரத்திலிருந்து இயக்கியதும் உண்டு. வண்டி எண்ணைத் தொட்டால் கால அட்டவணை திறக்கும். நிற்கும் நிலையங்கள் எல்லாம் குறியீட்டோடு வரிசையாக இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் அதில் நம் ஏறும் இடமும் இறங்கும் இடமும் இருக்கின்றனவா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும்.

ஊர்ப்பெயரைத் தட்டினால் வண்டியே இல்லை என்று வரும் ஊர்களும் உண்டு. வேலூர் அதற்கு நல்ல உதாரணம். வேலூர் கன்டோன்மென்ட் (VLR) நிலையம் காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் கிளையில் இருக்கிறது. சென்னை - பெங்களூரு பெருந்தடத்து வண்டிகள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவை நிற்பது காட்பாடியில் (KPD). வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்கள் காட்பாடி என்றே டிக்கெட் எடுக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களைவிட அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்பது வேடிக்கை. திருப்பதிக்கும் இதே கதை. TPTY-க்கு வண்டி கிடைக்காவிட்டால் பக்கத்திலுள்ள ரேணிகுண்டாவை (RU) போட்டுப் பார்க்க வேண்டும். பெருந்தடத்து வண்டிகள் பல அங்கேதான் நின்று போகின்றன.

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் வெளியூர் காசிதான். ராமேஸ்வரத்திலிருந்து போகும் வாராந்தர எக்ஸ்பிரஸ் (22535) முடிவது பனாரஸ் நிலையத்தில், குறியீடு BSBS. மண்டுவாடி என்று இருந்த அந்த நிலையத்துக்கு 2021-இல்தான் இந்தப் பெயர் வந்தது. ஊரின் பெரிய நிலையமான வாரணாசி ஜங்ஷனுக்கு BSB. ஆட்டோக்காரர்கள் அதைக் கேன்ட் ஸ்டேஷன் என்பார்கள். இது தவிர வாரணாசி சிட்டி (BCY) தனி; கங்கைப் பாலத்தை ஒட்டிக் காசி (KEI) என்றே ஒரு சின்ன நிலையமும் உண்டு. காசிக்குத்தானே போகிறோம் என்று KEI-யைத் தேர்ந்தெடுத்தால் தெற்கிலிருந்து போகிறவருக்குப் பெரிதாக எதுவும் அகப்படாது.

ஆற்றுக்கு அக்கரையில் சுமார் 15 கி.மீ. தள்ளி DDU இருக்கிறது. முகல்சராய் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்ட ஊர். 2018-இல் அதற்குத் தீனதயாள் உபாத்யாய பெயர் வந்தபோது சென்னையைப் போலக் குறியீட்டை விட்டுவைக்கவில்லை. MGS என்பதும் DDU ஆனது. அலகாபாத் பிரயாக்ராஜ் ஆனபோதும் அப்படித்தான், ALD போய் PRYJ வந்தது. பழைய யாத்திரைக் குறிப்பேட்டிலிருந்து குறியீட்டை எடுத்துத் தட்டுபவர்கள் இந்த இரண்டையும் திருத்திக்கொள்ள வேண்டும். டெல்லி - ஹௌரா பெருந்தடத்து வண்டிகள் பல DDU-வோடு சரி, வாரணாசிக்குள் வருவதில்லை. ஆகவே காசியில் இடம் கிடைக்காதபோது DDU கைகொடுக்கும். அங்கிருந்து காசிக்குப் போகச் சாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். போகும் டிக்கெட் BSBS என்றும் திரும்பும் டிக்கெட் DDU என்றும் இருந்தால், இரண்டையும் குழுவிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவைப்பது நல்லது. விடுதியிலிருந்து தனித்தனி ஆட்டோவில் கிளம்பும்போது ஒருவர் கேன்ட் ஸ்டேஷனில் போய் இறங்கிவிடுவார்.

கடைசியாக, இ-டிக்கெட்டின் தலைப்பகுதியை ஒருமுறை படியுங்கள். அங்கே மூன்று நிலையங்கள் இருக்கும்: `Booked From`, `Boarding At`, `To`. முதலாவது நீங்கள் கட்டணம் கட்டிய நிலையம், இரண்டாவது நீங்கள் ஏறப்போகும் நிலையம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். MS-இலிருந்து எடுத்துவிட்டு, வீடு பக்கம் என்று ஏறும் இடத்தை TBM ஆக மாற்றியிருந்தால் இரண்டும் வேறுபடும். அப்படி மாற்றிய பிறகு, அன்றைக்கு ஏதோ வேலையாக எழும்பூர்ப் பக்கம் வந்துவிட்டோம், இங்கேயே ஏறிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ஏறும் இடத்தை மாற்றியதுமே பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடுகிறது. மின்சார ரயிலைப் பிடித்துத் தாம்பரத்துக்கே போய்விட வேண்டியதுதான்.